பாதரசத்தில் மயிரிழை, தண்ணீரில் ஒரு முழம்: பாரமானியின் ஆவியழுத்தத் திருத்தம்

கல்லூரி ஆய்வகத்தில், பாதரசத்தால் காற்றழுத்தத்தை அளக்கும் ஃபோர்டின் பாரமானியைப் படிக்கக் கற்றுக்கொள்பவர்கள் ஓரிடத்தில் கட்டாயம் தடுமாறுவார்கள். பாடப்புத்தகம் "குழாயின் மேல்பகுதியில் வெற்றிடம்" என்கிறது. அடுத்த பக்கத்தில் "ஆவியழுத்தத்துக்குத் திருத்தம் செய்க" என்றும் சொல்கிறது. வெற்றிடம் என்றால் ஆவி எங்கிருந்து வந்தது? ஆவி இருக்கிறது என்றால் அதைக் கூட்ட வேண்டுமா, கழிக்க வேண்டுமா, எவ்வளவு? இந்தக் கட்டுரை அதைப் படிப்படியாகச் சொல்கிறது. அதே கணக்கைத் தண்ணீருக்குப் போட்டால், தண்ணீர்ப் பாரமானி ஏன் மூன்று மாடி உயரம் கேட்கிறது என்பதும், அத்தனை உயரம் கொடுத்த பிறகும் அது ஏன் ஒழுங்காக வேலை செய்யாது என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும்.

முதலில் ஒரே ஒரு சமன்பாடு

ஒரு முனை மூடிய குழாயில் திரவத்தை நிரப்பி, அதே திரவம் உள்ள தொட்டியில் கவிழ்த்து நிறுத்துகிறோம். திரவம் கொஞ்சம் இறங்கி ஓர் உயரத்தில் நிற்கிறது. தொட்டியின் மேற்பரப்பைக் காற்றுமண்டலம் அழுத்துகிறது. குழாய்க்குள் அதே மட்டத்தில் அந்த அழுத்தத்தை ஈடு செய்பவை இரண்டு: நிற்கும் திரவத்தின் எடை, அந்தத் திரவத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஆவியின் அழுத்தம்.

```
p = ρ g h + e
```

இதில் p என்பது காற்றழுத்தம், ρ திரவத்தின் அடர்த்தி, g அந்த ஊரின் ஈர்ப்பு முடுக்கம், h தொட்டி மட்டத்திலிருந்து செங்குத்தாக அளந்த உயரம், e திரவத்தின் ஆவியழுத்தம். திரவம் இறங்கியதும் மேலே உண்டாகும் காலியிடத்தில் காற்று இல்லைதான். ஆனால் திரவத்தின் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் கிளம்பி அந்த இடத்தை உடனே நிரப்பத் தொடங்கிவிடுகின்றன. கிளம்புவதும் திரும்பி விழுவதும் சமமாகும்போது அங்கே ஓர் அழுத்தம் நிலைக்கிறது. அது திரவத்தின் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. காலியிடம் பெரிதா சிறிதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தக் கடைசி வாக்கியம் பின்னால் நமக்கு ரொம்பவும் உதவப் போகிறது.

ஆவி மேலிருந்து கீழே தள்ளுகிறது. ஆகவே தூண் நிற்க வேண்டிய உயரத்தைவிடக் கொஞ்சம் குட்டையாக நிற்கும். குட்டையாகப் படித்ததைச் சரிசெய்யக் கூட்ட வேண்டும். ஆவியழுத்தத் திருத்தம் எப்போதும் கூட்டல்தான்.

இதில் குழப்பம் வருவது வேதியியல் வகுப்பால். தண்ணீருக்கு மேல் வாயுவைச் சேகரிக்கும் சோதனையில், மொத்த அழுத்தத்திலிருந்து நீராவியின் அழுத்தத்தைக் கழித்துத்தான் உலர்ந்த வாயுவின் அழுத்தத்தைப் பெறுவோம். அந்தப் பழக்கத்தில் பாரமானிக் கணக்கிலும் கழித்துவிடுகிறார்கள். வேறு சிலர் அன்றைய ஈரப்பதத்தைப் பார்த்து, அறைக் காற்றில் உள்ள நீராவியைக் கழிக்கிறார்கள். அதுவும் வேண்டாம். அறைக் காற்றின் நீராவி காற்றழுத்தத்தின் ஒரு பகுதி. பாரமானி அதையும் சேர்த்தே அளக்கிறது, அப்படி அளப்பதுதான் சரி.

பாதரசப் பாரமானி: ஒரு வாசிப்பை முழுதாகத் திருத்துவோம்

சென்னையில், கடல்மட்டத்தையொட்டிய ஓர் ஆய்வகம், மின்விசிறி மட்டும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பாரமானியோடு பொருத்தியிருக்கும் வெப்பமானியைப் படியுங்கள். அதைக் கடைசியில் பார்க்கலாம் என்று விட்டால், பக்கத்தில் நிற்கும் உங்கள் உடல் சூட்டில் அது ஏறியிருக்கும். நமக்கு அது 30.0 டிகிரி காட்டுகிறது. அப்புறம் அடியில் உள்ள திருகைத் திருப்பி, தொட்டியிலுள்ள பாதரசத்தின் மட்டத்தைத் தந்தத்தாலான முனை வரை உயர்த்துங்கள். முனையும் பாதரசத்தில் தெரியும் அதன் நிழலும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அழுத்திவிட்டால் முனையைச் சுற்றிப் பாதரசத்தில் ஒரு சின்னக் குழி விழும்; அது தெரிந்தால் திருகைக் கொஞ்சம் பின்வாங்குங்கள். குழாயை விரலால் இரண்டு தட்டுத் தட்டினால், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாதரசத்தின் குவிந்த தலை தன் வடிவத்துக்கு வரும். வெர்னியரின் கீழ் விளிம்பை அந்தக் குவிவின் உச்சியைத் தொடும்படி வைத்துப் படியுங்கள். நமக்கு 761.20 மி.மீ. கிடைத்தது.

கருவியோடு வந்த சான்றிதழில் ஏதாவது கருவிப்பிழை எண் இருந்தால் இப்போதே சேர்த்துவிடுங்கள். கண்ணாடிக் குழாயில் பாதரசம் லேசாகத் தாழ்ந்து நிற்பதற்கான நுண்துளைத் திருத்தமும் வழக்கமாக அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். நம் கருவிக்கு அது பூஜ்யம் என்று வைப்போம்.

அடுத்தது வெப்பநிலைத் திருத்தம். சூட்டில் பாதரசம் விரிந்து அடர்த்தி குறைகிறது, அதனால் அதே அழுத்தத்துக்குத் தூண் உயரமாக நிற்கிறது. பித்தளை அளவுகோலும் விரிகிறது, ஆனால் அதைவிட மிகக் குறைவாக. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு டிகிரிக்கும் வாசிப்பில் ஏறத்தாழ 0.000163 பங்கு கூடுதலாக வருகிறது. அளவுகோல் பூஜ்யம் டிகிரியில் சரியானது என்றால், 30 டிகிரிக்குக் கழிக்க வேண்டியது 3.71 மி.மீ. மிஞ்சுவது 757.49.

மூன்றாவது ஈர்ப்புத் திருத்தம். "மில்லிமீட்டர் பாதரசம்" என்ற அலகு 9.80665 என்ற திட்ட ஈர்ப்பு முடுக்கத்துக்கு வரையறுக்கப்பட்டது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சென்னையில் g ஏறத்தாழ 9.783. பாதரசத்தின் எடை இங்கே கொஞ்சம் குறைவு, ஆகவே தூண் இன்னும் உயரம். இதற்காக 1.83 மி.மீ. கழித்தால் 755.66.

இப்போதுதான் ஆவியழுத்தத்தின் முறை. 30 டிகிரியில் பாதரசத்தின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 0.0028 மி.மீ. கூட்டினால் 755.66 என்பது 755.66 ஆகவே நிற்கிறது. ஹெக்டோபாஸ்கலில் ஏறத்தாழ 1007.5.

ஆமாம், அவ்வளவுதான். வெர்னியரில் நாம் பிரித்தறியக்கூடிய மிகச்சிறிய அளவு பெரும்பாலான ஆய்வகக் கருவிகளில் 0.05 மி.மீ. ஆவியழுத்தம் அதில் பதினேழில் ஒரு பங்குகூட இல்லை. வெப்பநிலைத் திருத்தம் இதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். ஆவியழுத்தத்தைப் பற்றிக் கவலைப்பட்டு வெப்பநிலைத் திருத்தத்தை மறந்த நோட்டுப்புத்தகங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆவியழுத்த அட்டவணை ஏற்கெனவே திட்ட அலகில் இருக்கிறது. ஆகவே தூணை முதலில் திட்ட நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, கடைசியில் அதைக் கூட்ட வேண்டும். பாதரசத்தில் வரிசை மாறினாலும் ஒன்றும் தெரியாது. தண்ணீரில் தெரியும்.

அட்டவணையில் எந்தப் பத்தியைப் பார்க்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். 30 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் 31.82 மி.மீ. அதைத் தவறுதலாகப் பாதரச வாசிப்போடு கூட்டினால் விடை 1050 ஹெக்டோபாஸ்கல் வரும். சென்னையின் காற்றழுத்தம் பெரும்பாலும் 1000க்கும் 1015க்கும் இடையில்தான் ஊசலாடும். 1050 வந்தால் வானிலையைச் சந்தேகிக்க வேண்டாம், பத்தியைச் சரிபாருங்கள்.

அந்த 0.0028 மி.மீ.யை வாசிப்புக்காக ஒதுக்கித் தள்ளலாம், நுரையீரலுக்காக ஒதுக்க முடியாது. 30 டிகிரியில் தெவிட்டிய பாதரச ஆவி என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 மில்லிகிராம். வேலையிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு 0.025 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் பாதரசம் சம்பந்தப்பட்ட எதற்கும் குழாயைத் திறக்கவோ, திறந்த கிண்ணத்தில் பாதரசம் ஊற்றவோ தேவையில்லை. மினமாட்டா உடன்படிக்கை புதிய பாதரசப் பாரமானிகளின் தயாரிப்புக்கு 2020ஐ முடிவாண்டாக வைத்ததும் இதனால்தான். ஏற்கெனவே சுவரில் தொங்குவதைப் படிப்பது வேறு விஷயம்.

அப்படியானால் ஆவியழுத்தம் பாதரசப் பாரமானியைக் கெடுக்கவே கெடுக்காதா?

கெடுக்கும், பாதரசத்தின் ஆவி அல்ல, உள்ளே மாட்டிக்கொண்ட ஈரத்தின் ஆவி. குழாயைச் சரியாக உலர்த்தாமல் நிரப்பியிருந்தால், பாதரசத்தின் தலையில் கண்ணுக்கே தெரியாத அளவு தண்ணீர் தங்கிவிடும். ஒரு துளியில் சிறு பங்கு போதும், மேலிடம் முழுக்கத் தெவிட்டிய நீராவி ஆகிவிடும்.

நம் உதாரணத்திலேயே பார்ப்போம். அதே நாள், அதே அறை, ஆனால் ஈரம் புகுந்த பாரமானி. அது 761.20க்குப் பதில் ஏறத்தாழ 729.1 மி.மீ. காட்டும். இதைத் தெரியாமல் வழக்கம்போலத் திருத்தினால் 965 ஹெக்டோபாஸ்கல் வரும். அது தீவிரப் புயலின் மையத்தில் பதிவாகிற அழுத்தம். ஜன்னலுக்கு வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

மேலே இருப்பது ஈரமா, காற்றா என்று கண்டுபிடிக்க நல்ல வழி ஏசி. அறையை 30 டிகிரியிலிருந்து 24க்குக் குளிரவைத்து, பாரமானியும் அந்தச் சூட்டுக்கு வரும்வரை ஒன்றிரண்டு மணி நேரம் பொறுத்திருங்கள். நல்ல பாரமானியில் பாதரசம் சுருங்கி, வாசிப்பு முக்கால் மி.மீ. போல இறங்கும். ஈரமான பாரமானியில் நடப்பது நேர் எதிர். நீரின் ஆவியழுத்தம் 31.8லிருந்து 22.4க்கு விழுவதால் தலையில் இருந்த சுமை குறைந்து, வாசிப்பு கிட்டத்தட்ட 9 மி.மீ. மேலே ஏறிவிடும். காற்று மட்டும் மாட்டியிருந்தால், 6 டிகிரி குளிர்வதால் அதன் அழுத்தம் நூற்றுக்கு இரண்டு பங்குதான் குறையும். ஏற்றம் பெரும்பாலும் கண்ணுக்கே படாது. இறங்கினால் நல்லது அல்லது காற்று, பல மி.மீ. ஏறினால் ஈரம். இடைப்பட்ட நேரத்தில் வெளியே உண்மையான காற்றழுத்தமும் மாறும் என்பதால், கைபேசியில் உள்ள அழுத்த உணரியையோ பக்கத்து வானிலை நிலையத்தின் எண்ணையோ கூடவே குறித்து, அந்த மாற்றத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனை, குழாயை மெல்லச் சாய்ப்பது. இதை அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள், வேகமாகச் சாய்த்தால் பாதரசம் மோதிக் கண்ணாடி உடையும். சாயச்சாய பாதரசம் குழாயின் நுனியை நோக்கி ஏறும். மேலே உண்மையான வெற்றிடம் இருந்தால் நுனியைத் தொடும்போது "டக்" என்று உலோகச் சத்தம் கேட்கும், ஒரு குமிழ்கூட மிஞ்சாது. காற்று இருந்தால் சத்தம் மழுங்கி, நுனியில் ஒரு குமிழ் அப்படியே நிற்கும். நீராவி மட்டும் இருந்தால் குமிழ் சுருங்கிக்கொண்டே போய்த் தண்ணீராகப் படிந்துவிடும், மங்கலான ஒரு புள்ளி மட்டும் தெரியும். ஆவி அமுக்கினால் திரவமாகிவிடும், காற்று ஆகாது. இரண்டையும் பிரிக்கும் சாவி அதுதான்.

ஈரமான பாரமானிக்கும் திருத்தம் போடலாமா? கோட்பாட்டளவில் போடலாம்: 729.14ஐ வெப்பநிலைக்கும் ஈர்ப்புக்கும் திருத்தி 723.84 ஆக்கி, 31.82 கூட்டினால் 755.66 வருகிறது, நல்ல கருவி தந்த விடையேதான். ஆனால் வெப்பநிலையை ஒரு டிகிரி தவறாகப் படித்தால் விடையில் கிட்டத்தட்ட இரண்டு மி.மீ. பிழை நுழைந்துவிடும். அப்படிப்பட்ட கருவியை உரியவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து நிரப்புவதுதான் சரி.

தண்ணீருக்கு வருவோம்

அதே சமன்பாடு, அதே நாள். p இப்போது 1007.47 ஹெக்டோபாஸ்கல், அதாவது 1,00,747 பாஸ்கல். 30 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 995.65 கிலோ. பாதரசமோ அதைப்போல 13.6 மடங்கு கனமானது. ஆகவே பாதரசம் முக்கால் மீட்டரில் முடித்த வேலையைத் தண்ணீர் முடிக்க 13.6 மடங்கு உயரம் வேண்டும். ஆவியை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டால் 10.34 மீட்டர் வருகிறது.

ஆவியை மறக்க முடியாது. 30 டிகிரியில் அது 4,246 பாஸ்கல். அதைக் கழித்து, 995.65 × 9.783 ஆல் வகுத்தால் தண்ணீர் உண்மையில் நிற்கும் உயரம் 9.91 மீட்டர். ஆவி தள்ளிய ஆழம் 44 சென்டிமீட்டர், கையளவில் ஒரு முழம். பாதரசத்தில் மயிரிழைக்கும் குறைவாக இருந்த அதே திருத்தம்தான்.

உயரம் புதியவர்களுக்கு வேடிக்கையாக இருந்தாலும், பழைய ஆட்கள் அதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். ரோமில் காஸ்பரோ பெர்ட்டி 1640ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் வீட்டுச் சுவரோடு நீளமான ஈயக் குழாயை நிறுத்தித் தண்ணீர் நிரப்பினார். தண்ணீர் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிட்டது. டாரிசெல்லி அதே கேள்வியைக் கையடக்கமாக்கப் பாதரசத்தை எடுத்தார், அவருடைய புகழ்பெற்ற கடிதம் 1644 ஜூன் மாதத்தது. பாஸ்கல் ரூவான் நகரில் 1646, 47 வாக்கில் நெடுங்குழாய்களில் தண்ணீரையும் ஒயினையும் பக்கம் பக்கமாக நிறுத்திக் காட்டினார். மேலே இருப்பது வெற்றிடமல்ல, ஆவி என்று வாதிட்டவர்கள், ஆவி அதிகமுள்ள ஒயின்தான் தாழ்ந்து நிற்கும் என்றார்கள். ஒயின் அடர்த்தி குறைந்தது என்பதால் அது உயர்ந்து நின்றது, வாதத்தில் பாஸ்கல் வென்றார். ஆனால் எதிர்த்தவர்கள் சொன்ன ஆவியும் அங்கே இருக்கத்தான் செய்தது. 15 டிகிரி குளிரிலேயே தண்ணீர்த் தூணை அது 17 சென்டிமீட்டர் தள்ளும்.

உயரம் மட்டும் போதாது

மூன்று மாடி உயரத்துக்குக் குழாய் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். லாபம் ஒன்று இருக்கிறது: காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினால் பாதரசம் முக்கால் மி.மீ. நகரும், தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் நகரும். சென்னை போன்ற வெப்பமண்டல ஊரில் காற்றழுத்தம் தினமும் காலை பத்து மணி வாக்கில் உச்சத்துக்குப் போய், மாலை நான்கு மணி வாக்கில் இறங்கும். வித்தியாசம் 3 ஹெக்டோபாஸ்கல் என்று எடுத்தால், தண்ணீரில் அது 3 சென்டிமீட்டர். வெறுங்கண்ணாலேயே தெரியும்.

ஆனால் விடியற்காலையில் 25 டிகிரியில் இருந்த தண்ணீர் பிற்பகலில் 33 டிகிரிக்கு வந்தால், ஆவியழுத்தம் மட்டுமே தூணை 19 சென்டிமீட்டர் கீழே தள்ளும். தண்ணீர் விரிவதால் 2 சென்டிமீட்டர் போல மேலே ஏறும். மிச்சம் 17 சென்டிமீட்டர் இறக்கம். மூன்று சென்டிமீட்டர் காற்றழுத்தச் செய்தி இதற்குள் மூழ்கிப்போகும். எங்கள் ஊர் வெயிலில் தண்ணீர்ப் பாரமானி பெரும்பாலும் ஒரு வெப்பமானிதான்.

திருத்திக்கொள்ளலாமே என்றால், எந்த வெப்பநிலையை எடுப்பது? இங்கேதான் பலர் சறுக்குவார்கள். e என்பது மேற்பரப்பில் இருக்கும் தண்ணீரின் வெப்பநிலையைப் பொறுத்தது. கீழே வாளியில் உள்ள தண்ணீர் 28 டிகிரியாக இருந்து, மூன்றாவது மாடியில் வெயில் பட்ட குழாய்த் தலை 34 டிகிரியாக இருந்தால், 34க்குரிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். அடர்த்திக்கோ தூண் முழுவதின் சராசரி வெப்பநிலை வேண்டும். ஆக இரண்டு வெப்பமானியாவது தேவை, அதில் ஒன்று உச்சியில். உச்சியின் வெப்பநிலையில் ஒரு டிகிரி பிழை என்றால் விடையில் ஏறத்தாழ 2.5 ஹெக்டோபாஸ்கல் பிழை.

அடுத்த தொல்லை கரைந்த காற்று. சாதாரணத் தண்ணீரில் காற்று கரைந்திருக்கிறது. தூணின் தலைப்பக்கம் அழுத்தம் மிகக் குறைவு என்பதால், அந்தக் காற்று குமிழ் குமிழாகப் பிரிந்து மேலே சேரும். வாளித் தண்ணீர் வெளிக்காற்றை மறுபடி உறிஞ்சிக்கொண்டே இருக்கும். லண்டனில் ராயல் சொசைட்டியின் மண்டபத்தில் 1830இல் டேனியல் என்ற விஞ்ஞானி நாற்பதடிக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர்ப் பாரமானி கட்டினார். தொட்டி நீரின்மேல் எண்ணெய் ஊற்றி மூடியும் பார்த்தார், அப்படியும் காற்று உள்ளே போய்ச் சேர்ந்தது. பிற்பாடு ஜோர்டன் என்பவர் தண்ணீருக்குப் பதில் கிளிசரினை எடுத்து எட்டு மீட்டர் உயரத்தில் பாரமானி செய்தார். கிளிசரினின் ஆவியழுத்தம் மிகக் குறைவு என்பது அதன் பலம், ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது பலவீனம்.

மாடிப்படியில் செய்து பார்க்க

மாடிப்படியின் நடுவில் மேலிருந்து கீழ்வரை திறந்த இடம் உள்ள கட்டடம் வேண்டும். உள்விட்டம் 12 மி.மீ. உள்ள, நூல் பின்னிய கெட்டியான ஒளிபுகும் ஹோஸ் 12 மீட்டர் வாங்குங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் மெல்லிய ஹோஸ் ஆகாது. உச்சியில் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது என்பதால் அது சப்பையாக அமுங்கிவிடும். மேல் முனையில் ஒரு பால் வால்வு, கசியாதபடி கிளாம்ப் போட்டு.

தண்ணீரைக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, மூடிவைத்து ஆறவிடுங்கள். தேவைப்படுவது ஒன்றேகால் லிட்டருக்குக் கொஞ்சம் கூட, வாளிக்குத் தனியாக. துளி நிறம் சேர்த்தால் மட்டம் தெளிவாகத் தெரியும். ஹோஸைத் தரையில் சுருளாக வைத்து, ஒரு முனையிலிருந்து மெதுவாக நிரப்பி, குமிழ்கள் எல்லாவற்றையும் தட்டித்தட்டி வெளியேற்றுங்கள். வால்வை மூடி, மறுமுனையை வாளித் தண்ணீருக்குள் முக்கி, அங்கே ஒரு கல்லைக் கட்டி நிறுத்துங்கள். அந்த முனை ஒரு கணம்கூட வெளியே வரக்கூடாது. பிறகு வால்வு முனையைக் கயிற்றில் கட்டி மாடிக்கு மாடி தூக்குங்கள்.

ஒன்பது மீட்டர் வரை ஹோஸ் முழுக்க நிறைந்திருக்கும், ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். பத்து மீட்டரை நெருங்கும்போது வால்வுக்கு அடியில் குமிழ்கள் கிளம்பும், சூடே இல்லாமல் கொதிப்பதுபோல. அதற்கு மேல் ஹோஸை எவ்வளவு தூக்கினாலும் தண்ணீர் மட்டம் கூடவே வராது. வாளியின் நீர்மட்டத்திலிருந்து அந்த மட்டம் வரை, செங்குத்தாக, ஓர் அளவுநாடாவைத் தொங்கவிட்டு அளந்துகொள்ளுங்கள். ஹோஸ் சாய்ந்திருந்தாலும் வளைந்திருந்தாலும் கணக்கில் வருவது செங்குத்து உயரம் மட்டுமே.

நீங்கள் அளந்தது 9.86 மீட்டர், உச்சியில் வெப்பநிலை 30 டிகிரி என்று வையுங்கள். 9.86 × 995.65 × 9.783 = 96,040 பாஸ்கல். ஆவிக்கு 4,246 கூட்டினால் 1,00,286, அதாவது 1002.9 ஹெக்டோபாஸ்கல். பாதரசம் சொன்னது 1007.5. ஐந்து குறைகிறது. காரணம் காற்றா என்று பார்க்க, உச்சியை இன்னும் ஒரு மீட்டர் தூக்குங்கள். காலியிடம் பெரிதாகும். ஆவியின் அழுத்தம் இடத்தைப் பொருட்படுத்தாது என்று முதலில் பார்த்தோமே, ஆகவே அங்கே ஆவி மட்டும் இருந்தால் மட்டம் அசையாது. காற்றும் இருந்தால், இடம் இருமடங்கானதும் அதன் அழுத்தம் பாதியாகும், மட்டம் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயரும். உயர்ந்தால் கொதிக்கவைத்தது போதவில்லை அல்லது வால்வு கசிகிறது. இரண்டையும் பிரிக்கக் கால் மணி நேரம் காத்திருந்து பாருங்கள். கசிவு என்றால் மட்டம் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும்.

கிணற்று மேட்டில் வைத்த மோட்டார் ஏழெட்டு மீட்டருக்குக் கீழேயிருந்து தண்ணீரை இழுக்கத் திணறுவதும் இதே கணக்குதான். மோட்டார் எவ்வளவு சக்தி வாய்ந்ததாக இருந்தாலும், கீழேயிருந்து தள்ளுவது காற்றுமண்டலம், அதில் ஒரு முழத்தை ஆவி எடுத்துக்கொள்கிறது, குழாயின் உராய்வு இன்னும் கொஞ்சம். கொடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தமே ஏறத்தாழ நான்கில் மூன்று பங்காகக் குறைந்துவிடுவதால் அங்கே திணறல் இன்னும் மேலேயே தொடங்கும். அங்கே இந்த ஹோஸ் சோதனையைச் செய்பவர்களுக்கு எட்டு மீட்டர் உயரமே போதும்.

பிரிக்கும்போது வால்வை உச்சியில் சட்டென்று திறக்காதீர்கள். காற்று பாய்ந்து, ஒரு லிட்டர் தண்ணீர் பத்து மீட்டரிலிருந்து ஒரே மூச்சில் வாளிக்கு வந்து சேரும். ஹோஸை மெதுவாகக் கீழே இறக்கி, தரையில் வைத்து, அப்புறம் திறவுங்கள்.